24,500 ரூபாய் போச்சு: "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன். தங்கை கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப வேண்டும் என்று ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் 24,500 ரூபாய்க்கு பிரிட்ஜ் வாங்கினேன். காரைக்குடி வரைக்கும் ஒழுங்காக வருமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே போன் செய்து கேட்டேன். "ஏழு நாளுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க சார், வேற பீஸ் மாத்திக் கொடுத்துருவோம்" என்றான் அந்தப் பையன். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பெட்டி வந்தது. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் ஐஸ் தட்டில் ஊற்றிய தண்ணீர் விடிந்தும் தண்ணீராகவே கிடக்கிறது. உள்ளே வைத்த பால் திரிந்துபோனது. அன்று காலையிலேயே வீடியோ எடுத்துப் புகார் அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதில்: "சிரமத்துக்கு வருந்துகிறோம், விரைவில் தொடர்புகொள்வோம்." புகார் எண் இல்லை, யார் பார்க்கிறார்கள் என்று இல்லை, எப்போது கூப்பிடுவார்கள் என்றும் இல்லை. பதில் வந்துவிட்டதே என்று நாம் காத்திருப்போம். அதற்குள் அந்த ஏழு நாள் ஓடிவிடும்.

அப்படியேதான் ஆனது. முதலில் "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்". அப்புறம் "உங்க பழைய புகாரே பதிவாகல சார்". கடைசியில் "மாத்துற காலம் முடிஞ்சிருச்சு, கம்பெனி சர்வீஸ் சென்டரைப் பாருங்க". 24,500 ரூபாய்!

இதே கல்யாணத்துக்காக வீட்டுத் தரையில் பதிக்க ஆத்தங்குடிக் கல் வாங்கினோம், அதிலும் சில உடைந்து வந்தன. பட்டறைக்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். அன்று சாயங்காலமே கூப்பிட்டார்: "போட்டோ பாத்தேண்ணே, மூலை உடைஞ்சதுதானே? அதே டிசைன் புதுசா ஊத்தணும், தண்ணியில ஊறிக் காயணும். உடனே தர முடியாது. வெள்ளிக்கிழமை கூப்பிட்டு எப்ப வரும்னு சொல்றேன்." வெள்ளிக்கிழமை கூப்பிடவும் செய்தார். கல் தயாராகாமல்தான் இருந்தது, ஆனாலும் கூப்பிட்டார். புகாரைக் கேட்டுக்கொள்வது என்றால் இதுதான். என்ன பிரச்சினை என்று புரிந்ததைச் சொல்ல வேண்டும், அடுத்து என்ன செய்வார்கள், எந்த நாளில் பேசுவார்கள் என்று சொல்ல வேண்டும். வேலை முடியாவிட்டாலும் சொன்ன நாளில் பேச வேண்டும்.

2020-ல் வந்த மின்வணிக விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலர் கடை வைத்திருக்கும் தளமாக இருந்தால் புகாருக்கு எண்ணும் கொடுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியவந்தது.

வாங்குகிறவர்களுக்கு அவசரமாக மூன்று விஷயம். புகார் எண்ணும் தேதியும் இல்லாத பதில் வந்தால் அன்றைக்கே திரும்ப எழுதி இரண்டையும் கேளுங்கள். சாட்டில் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், மூடினால் போய்விடும். மாற்றும் காலம் முடிவதற்குள் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். நான் இன்று பதிந்துவிட்டேன். 24,500 ரூபாயை விடப்போவதில்லை.