எண்ணெய், ஆணி, மின்சாரம்: மூன்று சேஃப்டி ஷூ சீட்டுகளை அருகருகே வைத்துப் படிப்போம்

நான்கு லேத், ஒரு மில்லிங், மூலையில் வெல்டிங், பேனல் பார்க்க ஒரு எலக்ட்ரீஷியன். இப்படி ஒரு பட்டறைக்கு ஷூ வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மூன்று ஜோடிகளை எடுத்து வைக்கிறார். நாக்கின் உள்பக்கச் சீட்டில் இருப்பது இது:

```
1)  IS 15298 (Part 2)     S1 SRC
2)  EN ISO 20345:2022     S3S FO SR
3)  ASTM F2413-18         M/I/C EH PR
```

மூன்றிலும் விரல்களைக் காக்கும் முன்மூடி உண்டு. மற்றவற்றில் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபாடு.

முதலில் எண்ணெய். FO என்ற எழுத்து சோலின் பொருளைப் பற்றியது. சோல் துண்டை ஐசோஆக்டேன் என்ற எரிபொருள் திரவத்தில் 22 மணி நேரம் ஊறவைத்தால் அதன் கன அளவு 12 சதவீதத்துக்கு மேல் பெருகக் கூடாது. இது இல்லாத சோல், கட்டிங் ஆயிலிலேயே நிற்பவரின் காலில் ஊதி, மெத்தென்று ஆகி, ஓரங்களில் விட்டுப்போகும். ஆனால் FO இருந்தால் எண்ணெயில் வழுக்காது என்று நினைத்து வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வழுக்கலுக்குத் தனிச் சோதனை: ISO 20345 தரத்தின் பழைய பதிப்பில் SRA, SRB, இரண்டும் சேர்ந்தால் SRC, 2022 பதிப்பில் SR.

ஒரு நுணுக்கம். அந்தத் தரத்தின் 2011 பதிப்பில் FO சோதனை S1 என்ற அடிப்படை வகைக்குள்ளேயே அடங்கியிருந்தது. நம் இந்தியத் தரமும் அதை ஒட்டியே 2016-ல் வந்ததால், முதல் சீட்டில் FO அச்சாகாவிட்டாலும் பாதகமில்லை. 2022 பதிப்பில் அது விருப்பத் தேர்வாகிவிட்டது. அங்கே FO தனியாக அச்சாகியிருந்தால்தான் கணக்கு. மூன்றாவது சீட்டின் அமெரிக்கத் தரத்தில் எண்ணெய்க்கு எழுத்தே இல்லை. பெட்டியில் 'ஆயில் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் அது தயாரிப்பாளரின் சொந்த வாக்கு.

அடுத்தது ஆணி. லேத் பட்டறைக்கு இதுதான் தலையாயது. முதல் ஜோடி இங்கேயே தோற்றுவிடுகிறது. வெறும் S1-ல் குத்துத் தடுப்பு கிடையாது, S1P என்று இருக்க வேண்டும். 2022 பதிப்பில் மூன்று வகை பிரித்திருக்கிறார்கள்: P என்றால் உலோகத் தகடு, PL என்றால் துணி போன்ற உலோகமற்ற அடுக்கு, 4.5 மி.மீ. ஆணியால் சோதித்தது, PS-உம் அதே மாதிரி அடுக்குதான், ஆனால் 3 மி.மீ. ஆணியால் சோதித்தது. S3L, S3S என்பதன் கடைசி எழுத்து இதைத்தான் சொல்கிறது. நெசவு அடுக்கு பருத்த ஆணியைத் தாங்கும். மெல்லிய முனை நூல்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். லேத்திலிருந்து விழுவதோ மெல்லிய, கூரான சுருள். அதனால் PL வேண்டாம், PS அல்லது தகடு போதும். தகடு கனம், குனிந்து உட்காரும்போது விறைக்கும், சோலின் ஓரம் வரை மூடாது. PS அடுக்கு ஓரம் வரை வரும்.

2011 முறைச் சீட்டில் P என்று மட்டும் இருந்தால் உள்ளே தகடா துணியா என்று தெரியாது. இன்சோலைத் தூக்கி, காலின் நடுப்பகுதியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் தயாரிப்பாளரின் தகவல் தாளைக் கேளுங்கள்.

மின்சாரத்தில்தான் எழுத்துகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. S1, S3 எல்லாமே ஆன்டிஸ்டாடிக். அதாவது 1 லட்சம் ஓம் முதல் 100 கோடி ஓம் வரை மின்தடை. நிலைமின்சாரம் கால் வழியாக மெல்ல இறங்க வேண்டும் என்பதே நோக்கம். கீழ் எல்லையில் இருக்கும் ஒரு ஷூ வழியாக 230 வோல்ட் பாய்ந்தால் 2.3 மில்லியாம்ப், இரண்டு காலும் தரையில் இருந்தால் 4.6. வியர்வையில் நனைந்தால் தடை இன்னும் குறையும். ஆகவே முதல் இரண்டு ஜோடிகளும் எலக்ட்ரீஷியனுக்கு உரியவை அல்ல.

மூன்றாவது சீட்டில் உள்ள EH, அதாவது மின் அதிர்ச்சிக் காப்பு, இதற்கு நேர் எதிர். உலர்ந்த நிலையில் 18,000 வோல்ட்டை ஒரு நிமிடம் கொடுத்தாலும் கசிவு 1 மில்லியாம்பைத் தாண்டக் கூடாது. 'உலர்ந்த' என்ற சொல்லை அழுத்தி வாசியுங்கள். கூலன்ட் ஊறிய தரையில், சோலில் உலோகச் சுருள் பதிந்துவிட்டால் அந்தச் சோதனை முடிவு காகிதத்தோடு சரி. அதோடு EH இரண்டாம் நிலைக் காப்பு மட்டுமே. மெயினை அணைப்பதும் ரப்பர் பாயும் அப்படியே தொடர வேண்டும்.

எனவே எல்லோருக்கும் ஒரே ஜோடி என்ற மொத்த ஆர்டர் இங்கே சரிவராது. லேத், மில்லிங் ஆட்களுக்கு இரண்டாவது ஜோடி, அல்லது அதைவிட விலை குறைவாக, SRC உள்ள, தகடு வைத்த S1P. வெல்டருக்கு அதோடு HRO-வும் வேண்டும். 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்கும் சோல், பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். பி.யு. சோல் அங்கே உருகும். எலக்ட்ரீஷியனுக்கு மூன்றாவது, ஆனால் லேத் பக்கம் அதைப் போட்டு நடக்கக் கூடாது.

பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உள்ள CM/L எண்ணை BIS Care செயலியில் போட்டு, உரிமம் அந்தத் தயாரிப்பாளருடையதா, நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். Part 4 என்று இருந்தால் முன்மூடி கட்டாயமில்லாத வகை, விட்டுவிடுங்கள். பிறகு தயாரித்த தேதி: பி.யு. சோல் ஈரக்காற்றில் கிடங்கிலேயே சிதையும், போட்ட சில வாரத்தில் துண்டு துண்டாக உதிரும். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தந்தாலும் வாங்காதீர்கள்.