கீபோர்டு தானாக டைப் அடிக்கிறதா? மதர்போர்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

அரை மாதச் சம்பளம் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லேப்டாப்பில் சர்க்கரை கலந்த பானம் கொஞ்சம் சிந்தியது. துடைத்துக் காயவைத்த பிறகு நன்றாகத்தான் ஓடியது. சில நாள் கழித்து, யாரும் தொடாமலே ஜி, ஹெச் எழுத்துகள் திரையில் வரிசையாக விழ ஆரம்பித்தன. ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார், என் கண்முன்னே திறந்து காட்டினார். "போர்டு போயிடுச்சு சார், மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அந்தப் பொறுமையைப் பார்த்துதான் நம்பினேன்.

அரை மாதச் சம்பளத்தைக் கட்டி வாங்கி வந்தேன். அன்று இரவே அதே ஜி, அதே ஹெச். திரும்பப் போனால், "வீட்ல குழந்தை இருக்கா? அதான் தட்டியிருக்கும்" என்றார்கள். அடுத்த முறை "வைரஸா இருக்கும், ஃபார்மேட் பண்ணுங்க". அப்புறம் போனையே எடுக்கவில்லை.

குழந்தை மேல் பழியைப் போட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறையைப் பூட்டிவிட்டு, லினக்ஸில் இதை ஓடவிட்டேன்:

```
sudo evtest
```

வரும் பட்டியலில் கீபோர்டின் எண்ணைக் கொடுத்தால், எந்தக் கீ எப்போது அழுந்தியது, எப்போது விட்டது என்று நேரத்தோடு காட்டும். `value 1` என்றால் அழுத்தல், `value 0` என்றால் விடுதல். கை கண்டபடி தட்டினால் பக்கத்துப் பக்கத்துக் கீகள் பலவும் முன்பின்னாக வரும், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கலவையாக இருக்கும். எனக்கு வந்தது எப்போதும் அதே ஜோடி, நேரத்தில் வித்தியாசமே தெரியாத அளவுக்கு ஒன்றாக. நான் ஜி-யை மட்டும் அழுத்தினாலும் ஹெச் சேர்ந்தே விழுந்தது. கீபோர்டுக்குள் பிளாஸ்டிக் தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் மின் தடங்கள் ஓடுகின்றன. காய்ந்த சர்க்கரைப் படலம் ஈரத்தை இழுத்து, இரண்டு தடங்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிடும். மழைநாளில் தொல்லை கூடியதும் அதனால்தான்.

பிறகு, தெரிந்த ஒருவர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கீபோர்டின் ரிப்பன் கேபிளை போர்டிலிருந்து எடுத்தார். யுஎஸ்பி கீபோர்டை மாட்டி ஆன் செய்தோம். ஒரு எழுத்துகூடத் தானாக வரவில்லை. அப்படியானால் கோளாறு கீபோர்டில்தான். பழைய போர்டிலேயே இதைச் செய்து பார்க்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதைச் செய்யாமல் அரை மாதச் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்!

ரிப்பனை எடுத்துப் பார்க்காமல் போர்டு மாற்றச் சம்மதிக்காதீர்கள். எடுத்த பிறகும் எழுத்து விழுந்தால் மட்டும் போர்டைச் சந்தேகப்படுங்கள். வைரஸ் என்றால், விண்டோஸோ லினக்ஸோ ஏறும் முன்பே வரும் பயாஸ் திரையைத் திறக்கச் சொல்லுங்கள், அங்கேயும் கீ தானாக அழுந்துவது தெரிந்தால் வைரஸ் இல்லை. கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தரவே இல்லை.