இஎஸ்எக்ஸ்ஐ ஸ்னாப்ஷாட்: பல வருஷமா யூஸ் பண்றேன், புடிக்கும், ஆனா பேக்கப்னு மட்டும் சொல்லாதீங்க

நேத்து ஒரு நண்பர் போன் பண்ணி, "எங்க சர்வர்ல மாசா மாசம் ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கோமே, அப்புறம் எதுக்கு தனியா பேக்கப்புக்கு காசு செலவு பண்ணணும்னு முதலாளி கேக்குறாரு"ன்னாரு. போன்ல சொல்லி புரிய வைக்க முடியல, அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். விஎம்வேரோட இஎஸ்எக்ஸ்ஐல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயமே ஸ்னாப்ஷாட்தான், ஓடுற விஎம்மோட நிலைமைய அந்த நிமிஷத்துல அப்படியே குறிச்சு வைக்கிறது. விண்டோஸ் அப்டேட் போடுறதுக்கு முன்னாடி ஒன்னு எடுத்துக்கலாம், அப்டேட் சொதப்பினா பழைய நிலைமைக்கு ஒரு நிமிஷத்துல திரும்பிடலாம், நல்லா போச்சுன்னா அன்னைக்கே டெலிட் பண்ணிடலாம். அதுக்குன்னே செஞ்ச வசதி அது, அந்த வேலைய அருமையா செய்யும்.

பிரச்சனை எடுத்தத டெலிட் பண்ணாம விடும்போதுதான். நான் பாத்துக்கிற ஒரு கம்பெனில இஆர்பி ஓடுற விஎம் ஒன்னு இருக்கு, 300 ஜிபி திக் டிஸ்க், கீழ நாலு சாட்டா ஹார்ட் டிஸ்க் ரெய்டு 10. ஏப்ரல்ல சாஃப்ட்வேர் வெண்டர்கிட்ட இருந்து வந்த ஆளு அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் எடுத்திருக்காரு, அப்டேட் நல்லபடியா முடிஞ்சிருக்கு, கிளம்பிட்டாரு. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. தீபாவளி ஸ்டாக் எடுக்குற நேரத்துல அக்கவுண்ட்ஸ்ல இருக்குற அக்கா "ரிப்போர்ட் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு சார்"னு புகார். உள்ள போய் பாத்தா சிபியு சும்மா இருக்கு, மெமரி சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல நிக்குது.

விஎம்மோட Edit settings-ல Hard disk 1-ஐ விரிச்சு Disk File பாத்தேன். ஸ்னாப்ஷாட் இல்லன்னா அங்க `erp.vmdk`ன்னு இருக்கணும், ஆனா `erp-000001.vmdk`ன்னு இருந்துச்சு. அந்த 000001-ஐ பாத்தாலே விஷயம் புரிஞ்சிடும். எஸ்எஸ்எச்ல போய், டிஸ்க் ஃபைல் எல்லாம் இருக்குற டேட்டாஸ்டோர் ஃபோல்டர்ல பாத்தேன்.

```
du -h *-sesparse.vmdk *-flat.vmdk
187.2G  erp-000001-sesparse.vmdk
300.0G  erp-flat.vmdk
```

ஃப்ளாட் ஃபைல்தான் அசல் டிஸ்க், அதோட தேதி ஏப்ரல்லயே நின்னு போயிருந்துச்சு. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷத்துல இருந்து அசல் டிஸ்க்குல ஒரு எழுத்து கூட எழுதாது, அது படிக்க மட்டும்தான். அதுக்கப்புறம் போட்ட பில்லு, ஸ்டாக், எல்லாமே அந்த sesparse ஃபைல்லதான் சேந்துக்கிட்டே வந்திருக்கு, அத டெல்டான்னு சொல்லுவாங்க.

கணக்கு நோட்ட மூடி வச்சிட்டு திருத்தம் எல்லாத்தையும் தனித் தாள்ல எழுதிக்கிட்டே போற மாதிரி. ஒரு வரி பாக்கணும்னா முதல்ல தாள்ல இருக்கான்னு தேடணும், இல்லன்னாதான் நோட்டுக்கு போகணும். டிஸ்க்குலயும் ஒவ்வொரு ரீடுக்கும் இதே தேடல்தான், ரெண்டு மூணு ஸ்னாப்ஷாட் ஒன்னு மேல ஒன்னா இருந்தா ஒவ்வொரு டெல்டாவா தாண்டி வரணும்.

எழுதுறதுல இன்னும் மோசம். டெல்டா 4 கேபி துண்டு துண்டா வளரும், புதுசா ஒரு இடத்துல எழுதும்போது துண்டு ஒதுக்கணும், அது எங்க இருக்குன்னு அட்டவணைலயும் குறிக்கணும், அப்போ ஒரு ரைட்டு கீழ ஒன்னுக்கு மேல ஆயிடுது. அதோட எழுதின வரிசையிலதான் துண்டுகள் உக்காரும், அதனால டேட்டாபேஸ் ஒரு பெரிய டேபிள வரிசையா படிக்கிறதா நெனச்சாலும் கீழ டிஸ்க்கோட ஹெட் அங்கயும் இங்கயும் ஓடும். எஸ்எஸ்டில இந்த அலைச்சல் அவ்வளவா தெரியாது, 7200 ஆர்பிஎம் டிஸ்க்குல உயிர் போயிடும். விஎம்வேரே ஒரு ஸ்னாப்ஷாட்ட 72 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்காதீங்கன்னு சொல்லுது. ஒன்னு மேல ஒன்னா 32 வரைக்கும் எடுக்க விடும், ஆனா ரெண்டு மூணோட நிறுத்திக்கோங்கன்னும் அவங்களேதான் சொல்றாங்க.

சரி, ஸ்லோவாவாவது இருக்கட்டும், பேக்கப்னாவது ஆகுமான்னா அதுவும் இல்ல. ஏப்ரல் மாச காப்பி தனியா எங்கயும் கிடையாது, அந்த ஃப்ளாட் ஃபைல்தான் அது. டெல்டால இருக்குறது மாறின துண்டுகள் மட்டும். ஃப்ளாட் போச்சுன்னா டெல்டாவ வச்சு ஒன்னும் பண்ண முடியாது, டெல்டா கெட்டுச்சுன்னா ஏப்ரலுக்கு அப்புறம் போட்ட அத்தன பில்லும் போச்சு. ரெண்டும் ஒரே டேட்டாஸ்டோர், ஒரே ரெய்டு, அது படுத்தா ரெண்டும் சேந்து படுக்கும். ரான்சம்வேர் வந்து அதுக்காக ரிவர்ட் பண்ணாலும் ஏப்ரல்லதான் போய் நிப்பீங்க. பேக்கப் சாஃப்ட்வேரும் ஸ்னாப்ஷாட்தானே எடுக்குதுன்னு நண்பர் கேட்டாரு, எடுக்குது, ஆனா அசல் டிஸ்க் ஆடாம நிக்கிற அந்த நேரத்துல அத வேற இடத்துக்கு காப்பி பண்ணிட்டு உடனே ஸ்னாப்ஷாட்ட டெலிட் பண்ணிடும். அந்த காப்பிதான் பேக்கப்.

இப்ப என்னை பதற வச்ச விஷயத்துக்கு வரேன். டேட்டாஸ்டோர்ல மிச்சம் இருந்தது சுமார் 20 ஜிபிதான். டெல்டா அசல் டிஸ்க் சைஸ் வரைக்கும் வளரும், நடுவுல இடம் தீந்தா விஎம் அப்படியே நின்னுடும், "There is no more space for virtual disk"னு கேள்வி வரும், இடம் பண்ணி குடுத்தாதான் மறுபடி ஓடும். தீபாவளி வாரத்துல அது நடந்திருந்தா பில்லிங் கவுண்டர் மொத்தமா நின்னிருக்கும்.

டெலிட்னு பேரு இருந்தாலும் அது எதையும் தூக்கிப் போடாது, டெல்டால இருக்குற 187 ஜிபியையும் அசல் டிஸ்க்குல கொண்டு போய் சேக்கும். விஎம் ஓடிக்கிட்டிருக்கும்போது செஞ்சா அந்த நேரத்துல வர்ற புது ரைட்டுக்கு இன்னொரு தற்காலிக டெல்டா போடும், அதுக்கும் இடம் வேணும், 20 ஜிபிய நம்பி இறங்க எனக்கு மனசு வரல. அதனால முதல்ல எஸ்க்யூஎல் பேக்கப் எடுத்து என்ஏஎஸ்ல போட்டு, வேற ஒரு மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி திறக்குதான்னு பாத்துட்டு, சனிக்கிழமை கடை மூடினதும் விஎம்ம ஷட்டவுன் பண்ணி Delete all குடுத்தேன். ராத்திரி பூரா ஓடுச்சு. 99 சதவீதத்துல வந்து ரொம்ப நேரம் நிக்கும், அப்போ பயந்து ஹோஸ்ட்ட ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. `ls -l` அடிச்சு பாருங்க, ஃப்ளாட் ஃபைலோட நேரம் மாறிக்கிட்டே இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

திங்கக்கிழமை அதே ரிப்போர்ட் சீட்ட விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள வந்துடுச்சுன்னு அக்கா சொன்னாங்க. புது டிஸ்க் வாங்கல, ரேம் ஏத்தல.

விசென்டர் இருந்தா ஸ்னாப்ஷாட் சைஸுக்கு ஒரு அலாரம் வச்சுக்கலாம், நாமதான் உருவாக்கணும். பவர்சிஎல்ஐ வச்சிருக்கவங்க வாரம் ஒரு தடவ இத ஓட்டுங்க:

```
Get-VM | Get-Snapshot | Select VM,Name,Created,SizeGB
```

நண்பரோட சர்வர்ல மாசா மாசம் எடுத்தது எத்தன அடுக்கு நிக்குதோ தெரியல, முதல்ல ஃப்ரீ இடத்த பாத்துட்டு எனக்கு சொல்லுங்க, அதுவரைக்கும் Delete all-ஐ தொடாதீங்கன்னு சொல்லிருக்கேன்.

என் முடிவு என்னன்னா, இவ்வளவு புகழ்ந்தும், அந்த வெண்டர் லாகின்ல இருந்து ஸ்னாப்ஷாட் எடுக்குற பர்மிஷனையே தூக்கிட்டேன். வேணும்னா எனக்கு போன் பண்ணட்டும், நானே எடுத்து நானே அன்னைக்கு ராத்திரி டெலிட் பண்றேன்.