டப்பிங்: உதட்டைப் பார்த்துப் பேசுவதா, காதால் கேட்டுப் பேசுவதா?

பேருந்து நிலையத்தில் எடுத்த ஒரு குறும்படக் காட்சி. படப்பிடிப்பின்போதே பதிவான பைலட் ட்ராக்கில் வசனத்தைவிட ஹாரன் சத்தம்தான் அதிகம். நாயகி சொல்வது ஒரே வரி: "அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டுப் போகணும்ப்பா." சுமார் 3 நொடி, அதாவது 72 ஃப்ரேம். இதை அமைதியான அறையில் மறுபடி பேச வைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, டப்பிங் தியேட்டரில் வழக்கமாகச் செய்வது. காட்சி திரையில் ஓடும். சீரான இடைவெளியில் மூன்று பீப் கேட்கும், நான்காவது விழ வேண்டிய இடத்தில் பேச்சு தொடங்க வேண்டும். நடிகர் உதட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அப்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது உதடு மூடும் இடங்களை. நம் வரியில் 'ம்மா', 'மருந்து', 'ப்போ', 'ம்ப்பா' என்று நான்கு இடங்களில் உதடு ஒட்டுகிறது. இந்த நான்கும் பொருந்திவிட்டால், நடுவில் நாக்கு செய்வதைப் பார்ப்பவர் கண் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

வசனத்தையே மாற்ற வேண்டும் என்றால் இந்த வழிதான் கைகொடுக்கும். 'அம்மாவுக்கு' என்பதை 'அப்பாவுக்கு' என்று மாற்றலாம், உதடு அதே இடத்தில் மூடும். 'தாத்தாவுக்கு' என்றால் க்ளோசப்பில் உடனே மாட்டிக்கொள்வோம்.

ஆனால் புதுமுகங்களுக்கு இது கடினம். கவனமெல்லாம் உதட்டுக்குப் போய்விடும், குரலில் உணர்ச்சி வடிந்துவிடும். நேரம் சரியாக இருக்கும், வரி மட்டும் பாடப்புத்தகம் வாசிப்பதுபோல ஒலிக்கும்.

இரண்டாவது வழியில் திரையே வேண்டாம். பைலட் ட்ராக்கில் அந்த ஒரு வரியை ஹெட்ஃபோனில் போட வேண்டும். நடிகர் கேட்பார், உடனே அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் திருப்பிச் சொல்வார். அடுத்தடுத்து சில டேக் எடுக்கலாம். தன் குரலையே கேட்டுத் திருப்பிச் சொல்வதால், அன்றைக்கு இருந்த பதற்றமும் மூச்சும் கூடவே வந்துவிடும். பேருந்து இரைச்சலும் காதில் விழுவதால் குரல் தானாகவே உயரும். அமைதியான அறையில் பலரும் தணிந்துதான் பேசுவார்கள், அந்தக் குறை இதில் வெகுவாகக் குறைந்துவிடும்.

இங்கே சுமை எடிட்டர் மேல் விழும். நம் நாயகி 'வாங்கிட்டு' என்பதில் 'வா'வைக் கொஞ்சம் இழுத்துவிட்டார் என்று வையுங்கள். அதற்குப் பிறகு எல்லாமே 3 ஃப்ரேம் தாமதம். தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'ட்டு', 'ப்போ' போன்ற இரட்டித்த வல்லினத்தில், எழுத்து வெடிப்பதற்கு முன்னால் சின்ன மௌனம் உண்டு. அந்த மௌனத்தில் வெட்டினால் காதுக்குத் தெரியாது. 'ட்டு'வில் ஒரு ஃப்ரேம், 'ப்போ'வில் ஒரு ஃப்ரேம் எடுத்துவிட்டால் மீதி ஒரே ஒரு ஃப்ரேம்தான். உயிரெழுத்தின் நடுவில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள், 'டிக்' என்று கேட்கும்.

அந்த மிச்ச ஒரு ஃப்ரேமை அப்படியே விடலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998 பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லி நொடி முந்தினாலே மனிதர் உணரத் தொடங்குகிறார். பிந்தினால் சுமார் 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை. 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 42 மில்லி நொடி. அதனால் சந்தேகம் வந்தால் ஒலியைப் பின்னால் தள்ளுங்கள், ஒருபோதும் முன்னால் இழுக்காதீர்கள்.

பைலட் ட்ராக்கில் வசனமே கேட்கவில்லை என்றால் காது வழி செல்லாது. புதிய குரலைப் பைலட் ட்ராக்குக்கேற்பத் தானாக இழுத்துப் பொருத்தும் வோக்அலைன் போன்ற மென்பொருளும் அங்கே தடுமாறும், அதற்கும் வழிகாட்டி அந்த ட்ராக்தான்.

சிறு படக் குழுவுக்கு நான் சொல்வது காது வழியைத்தான். உதட்டை எடிட்டிங்கில் சரிசெய்யலாம், செத்துப்போன உணர்ச்சியை முடியாது. முகம் திரையை நிறைக்கும் ஷாட்டுக்கு மட்டும், காதால் எடுத்த டேக் சூடாக இருக்கும்போதே அதே வரியைப் படம் பார்த்து இன்னொரு முறை எடுத்து வையுங்கள். இரண்டிலும் மைக்கும் தூரமும் ஒன்றாக இருக்கட்டும். ஸ்பாட்டில் பூம் மைக் என்றால் இங்கேயும் அதே மைக், வாயிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி. அப்போதுதான் லொக்கேஷனில் தேறிய வரிகளோடு இது ஒட்டும்.

அப்புறம், சிங்க் பார்க்கும்போது புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதுவே ஒலியைப் பல ஃப்ரேம் தாமதமாக்கும், சரியாக இருக்கும் வரியைத் தப்பென்று நினைத்து நகர்த்திவிடுவீர்கள்.