நிறுத்தற்சொற்கள்: கையால் எழுதிய பட்டியலா, கணினி கணித்த பட்டியலா?

பினாங்கில் இருந்துகொண்டு உள்ளூர்த் தமிழ்ச் செய்தித் தலைப்புகளை நாள்தோறும் சேமித்துச் சொற்களை எண்ணும்போது, 'என', 'குறித்து', 'இன்று' போன்ற பொருள் குறைந்த நிறுத்தற்சொற்களே பட்டியலின் உச்சியை நிரப்பிவிடுகின்றன. அவற்றை நீக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, கையால் எழுதிய நிலையான பட்டியல். தமிழகத்து உரைகளைக் கொண்டு தொகுத்த பட்டியலை எடுத்தால், நம் தலைப்புகளில் அடிக்கடி வரும் 'டத்தோ', 'டான் ஸ்ரீ' போன்ற பட்டங்கள் அதில் இரா. அவற்றை நாமே சேர்க்க வேண்டும். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் சந்தி. 'பள்ளிகளுக்கு கூடுதல் நிதி என கல்வி அமைச்சர் தகவல்' என்று ஒரு நாளிதழும், அதையே ஒற்று மிகுத்து 'பள்ளிகளுக்குக்', 'எனக்' என்று இன்னொன்றும் எழுதினால், பட்டியலில் உள்ள 'என' பின்னதைப் பிடிக்காது. ஈற்றிலுள்ள க், ச், த், ப் ஆகியவற்றைக் கண்மூடித்தனமாக வெட்டினாலோ 'வாட்ஸ்அப்' 'வாட்ஸ்அ' ஆகிவிடும். அடுத்த சொல் அதே மெய்யின் வரிசையில் தொடங்கினால் மட்டுமே, அதுவும் வெட்டிய வடிவம் தரவில் வேறெங்காவது தனியாக வந்திருந்தால் மட்டுமே வெட்டுவது பாதுகாப்பானது.

இதற்கும் முன்னால் ஒரு பொறி உண்டு. பைத்தானின் `re` தொகுதியில் `\w+` தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ஆகவே 'பினாங்கு' என்பது ப, ன, ங, க என்று நான்காகச் சிதறும். பட்டியலின் உச்சியில் ஒற்றை எழுத்துகள் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கீழுள்ள வரி போதும்:

```python
re.findall(r"[\u0B80-\u0BFF]+", unicodedata.normalize("NFC", line))
```

இரண்டாம் வழியில் பட்டியலைக் கணினியே கணிக்கிறது: 30 நாளில் 25 நாளாவது தலைப்பில் வந்த சொல்லை நிறுத்தற்சொல் என்று கொள்ளலாம். 'எனக்' போன்ற வடிவங்களும் டத்தோக்களும் அடிக்கடி வந்தால் தாமாகவே அகப்படும் என்பதால் இது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் நாள்தோறும் வருவதும் பொருளற்றிருப்பதும் ஒன்றல்ல. மலேசியாவின் 15ஆவது பொதுத்தேர்தலின் வேட்புமனுத் தாக்கல் 2022 நவம்பர் 5இலும், வாக்களிப்பு நவம்பர் 19இலும் நடந்தன. அந்த 15 நாள்களை மட்டும் அளவுகோலாக வைத்தால், 'தேர்தல்', 'வேட்பாளர்' ஆகிய இரண்டும் நிறுத்தற்சொற்களாகி, நாம் தேடிய செய்தியே மறைந்துபோகும். ஓராண்டுத் தரவில் கணித்தால் இந்தக் கேடு குறையும். 'பிரதமர்' மட்டும் அப்போதும் தப்பாது.

என் தேர்வு கைப்பட்டியலே. கணினி தருவதைப் பரிந்துரைப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்த்த பிறகே சேர்ப்பேன். எந்தப் பட்டியலானாலும் சேமிக்கும்போது சொற்களை நீக்காமல், முழு எண்ணிக்கையையும் வைத்திருந்து, அறிக்கை எடுக்கும்போது மட்டும் நீக்க வேண்டும். இல்லையேல் ஜூனில் பட்டியலைத் திருத்தியவர் ஜனவரித் தைப்பூசத் தலைப்புகளை அதே அளவுகோலால் மீண்டும் எண்ண இயலாது.