அட்டவணையை மின்னஞ்சலில் ஒட்டுதல்: column கட்டளையுடன் சில ஆண்டுகள்

அக்கரைப்பற்றிலுள்ள நண்பர் ஒருவர், நெல் வரவுப் பட்டியலை மின்னஞ்சலின் உள்ளேயே அனுப்ப column கட்டளை போதுமா என்று கேட்டிருந்தார். லினக்ஸ் கணினியில் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட நாள், மூடை, கிலோ, ஊர் ஆகிய நான்கு நிரல்களை அது கீழுள்ளவாறு அடுக்கித் தரும்; -R என்பது மூடையையும் கிலோவையும் வலப்புறமாக ஒதுக்குகிறது.

```
column -t -s, -R 2,3 nel.csv

02.03   45  2790  சம்மாந்துறை
02.03  120  7440  ஏறாவூர்
03.03    8   496  வாழைச்சேனை
```

ஊர்ப் பெயரைக் கடைசியில் வைத்திருப்பது தற்செயலன்று. சம அகல எழுத்துருவிலும் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் வருவதில்லை. ‘றை’ பிடிக்கும் இடம் வேறு, ‘ர்’ பிடிக்கும் இடம் வேறு. எனவே பெயருக்குப் பின்னால் நிற்கும் எந்த நிரலும் கோணலாகவே விழும். கடைசியில் வைத்தால் அதற்குப் பின்னால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. இதே காரணத்தால் தலைப்பு வரிசையையும் நீக்கிவிட்டு, நிரல்களின் ஒழுங்கைப் பட்டியலுக்கு மேலே ஒரு வாக்கியமாக எழுதிவிடுகிறேன்.

இவ்வளவு நேர்த்தியாகச் செய்தும், பெறுபவர் கைபேசியில் திறந்தவுடன் மூடைக் கணக்கு சிதறிப்போவதுதான் இன்றுவரை என் பொறுமையைச் சோதிப்பது. பழி கட்டளையின் மீதன்று. அது இடைவெளிகளை மட்டுமே சேர்க்கிறது. அவற்றின் அகலத்தைத் தீர்மானிப்பது பெறுபவரின் எழுத்துரு. ஏரியல் எழுத்துருவில் இலக்கங்கள் அனைத்தும் 556 அலகு அகலமானவை, இடைவெளியோ 278 அலகு, அதாவது சரிபாதி. ஆகவே 8க்கு முன்னுள்ள இரண்டு நிரப்பு இடைவெளிகள் ஓர் இலக்கத்தின் இடத்தையே நிரப்ப, 8 என்பது 120இன் கடைசி இலக்கத்துக்குக் கீழே நிற்காமல் நடு இலக்கத்துக்குக் கீழே போய் நிற்கிறது. நிரல்கள் இடப்பக்கமாகச் சரிந்திருந்தால் காரணம் இதுவென்று கொள்ளலாம். வரிகளே உடைந்திருந்தால் அது நீளத்தின் குற்றம், தண்டர்பேர்ட் இயல்பாக 72 எழுத்துகளில் மடித்துவிடும்.

இலக்கங்கள் சம அகலமானவை என்பதிலேயே தீர்வும் இருக்கிறது. இடைவெளிக்குப் பதிலாகச் சுழியத்தால் நிரப்பினால், இலக்கங்கள் சம அகலமாயுள்ள எந்த எழுத்துருவிலும் நிரல் அசையாது:

```
awk -F, '{printf "%s  %03d  %04d  %s\n",$1,$2,$3,$4}' nel.csv

02.03  045  2790  சம்மாந்துறை
02.03  120  7440  ஏறாவூர்
03.03  008  0496  வாழைச்சேனை
```

பார்வைக்கு அழகில்லை, 008 மூடை என்று எழுதுவதைக் கண்டு ஆலைக் கணக்கர் ஒருவர் சிரித்தும் இருக்கிறார். ஆயினும் அவர் இப்போது தொகையைத் திருப்பிக் கேட்பதில்லை. column மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது, திரையில் பார்க்க அதைவிட எளிதான ஒன்றை நான் அறியேன். நண்பருக்கு நான் சொல்வது awk வரியைத்தான்.