மணிக்கணக்கா, வேலைக்கணக்கா: இன்டர்ன்ஷிப் முடிகிற மாதத்தில் எழுதும் மெயில்

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டுப் பிள்ளை மூன்றாம் வருடம் கணக்கியல் படிக்கிறாள். ஒரு சிறிய கணக்காய்வு அலுவலகத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் செய்கிறாள். அது ஜூலை 31இல் முடிகிறது. அதற்குப் பிறகும் பகுதிநேரமாகத் தொடர வேண்டும் என்பது அவள் விருப்பம். மூன்று மெயில் எழுதி வைத்துக்கொண்டு, "அக்கா, இதில எதை அனுப்பட்டும்?" என்று வந்தாள்.

முதலாவதை வாசித்ததுமே விட்டுவிட்டோம். "எந்த வேலையானாலும், எந்த நேரமானாலும் தொடர விரும்புகிறேன்" என்பதுதான் அதில் இருந்தது. இதை வாசிக்கும் முதலாளி நேரத்தையும் வேலையையும் தானே யோசித்துப் போட வேண்டும். மாத முடிவில் அவருக்கு அதற்கு நேரமில்லை. "பார்ப்போம்" என்று பதில் வரும், அதோடு சரி.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஒன்று மணிக்கணக்கு: செவ்வாய், வியாழன் பிற்பகல் 2 முதல் 6 வரை, சனி காலை 9 முதல் 1 வரை, வாரம் 12 மணித்தியாலம். மற்றது வேலைக்கணக்கு: நான்கு வாடிக்கையாளர்களின் வங்கி இணக்கக் கூற்றை ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் முடித்துத் தருவேன், கூற்று ஒன்றுக்கு இவ்வளவு.

வாசித்த உடனே வேலைக்கணக்குத்தான் கவர்ந்தது. முதலாளிக்கு என்ன கிடைக்கும் என்பது அதில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காசுப் புத்தகத்தையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகக் குறிக்க வேண்டும். கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகளைக் கண்டுபிடிப்பது லேசு. வங்கிக் கூற்றில் பெயரில்லாமல் ஒரு வைப்பு நிற்கும், யார் போட்டது என்று தெரியாது. வாடிக்கையாளரைக் கேட்டால் மூன்று நாள் கழித்துத்தான் பதில் வரும். மணிக்கணக்கில் என்றால், அடுத்த வியாழன் வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேலைக்கணக்கில் அந்தக் கூற்று முடியவில்லை, ஆகவே காசும் இல்லை. பிழை வாடிக்கையாளருடையது, காத்திருப்பது மாணவி. கேள்வி கேட்டு அலைந்த நேரமும் எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொன்று, வேலைக்கணக்கு என்றால் வீட்டிலிருந்து செய்வதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளரின் வங்கிக் கூற்றை மாணவியின் மடிக்கணினியில் வைத்திருக்க எந்தக் கணக்காய்வு அலுவலகமும் எளிதில் சம்மதிக்காது.

ஊழியர் சேமலாப நிதியையும் பார்க்க வேண்டும். பகுதிநேரம் என்பதால் அதில் விலக்கு இல்லை. ஆனால் ஒரு கூற்றுக்கு இவ்வளவு என்று பேசினால், அதை வெளியாள் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டணம்போல் நினைத்து நிதியை விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். மாதம் 30,000 ரூபாய் பேசினால், 8 வீதம் கழித்துக் கைக்கு வருவது 27,600. அலுவலகம் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அவர்களுக்கு மொத்தச் செலவு 34,500. சம்பளம் பேச உட்காரும்போது முதலாளியின் மனதில் ஓடுவது இந்தத் தொகைதான். அதனால் இப்போது அனுப்பும் மெயிலில் தொகை எழுத வேண்டாம் என்றேன்.

மணிக்கணக்கிலும் குறை உண்டு. "செவ்வாய்க்கிழமை வந்து என்ன செய்வாள்?" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. மாதத் தொடக்கத்தில் வேலை குவியும், நடுவில் சும்மா இருக்க நேரும். அதைவிடப் பெரிய சிக்கல், அடுத்த செமஸ்டருக்கு நேரசூசி மாறினால் கொடுத்த வாக்கு முறியும். ஒரு தடவை முறிந்தால் அப்புறம் அந்த அலுவலகத்தில் நம்பிக்கை வராது.

ஆகவே எலும்புக்கூடு மணிக்கணக்காகவே இருக்கட்டும், வேலையின் பெயரை உள்ளே வைப்போம், முடியாத வாரங்களையும் முதலிலேயே சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். மெயில் மனிதவளப் பிரிவுக்கு அல்ல, ஆறு மாதமும் அவள் வேலையைத் திருத்திய மேற்பார்வையாளருக்கு. அனுப்பியது கடைசி நாளில் அல்ல, ஜூலை 8ஆம் திகதி. மாதத் தொடக்க நெருக்கடி ஓய்கிற நேரம் அது, ஓகஸ்ட் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கவும் அவருக்கு அவகாசம் இருக்கும். ஆங்கிலத்தில் போன மெயிலின் தமிழ் வடிவம் இது:

"வணக்கம் சேர். என் பயிற்சி ஜூலை 31இல் முடிகிறது. ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை வாரம் 12 மணித்தியாலம் அலுவலகத்துக்கு வந்து தொடர விரும்புகிறேன்: செவ்வாய், வியாழன் 2–6, சனி 9–1. இப்போது நான் பார்க்கும் நான்கு வாடிக்கையாளர்களின் வங்கி இணக்கக் கூற்றுகளை மாதத்தின் முதல் பத்து நாட்களில் பார்ப்பேன், மீதி நாட்களில் வவுச்சர் சரிபார்ப்பில் உதவுவேன். நவம்பரில் பரீட்சை நடக்கும் இரண்டு வாரமும் வர முடியாது, அந்த மாதக் கூற்றுகளை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே உங்களிடம் கேட்டுச் செய்வேன். இது சரிவருமானால், சம்பளம் பற்றிப் பேச அடுத்த வாரம் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா?"